ஆரஞ்சு விளக்கை நம்ப வேண்டாம்

விளையாடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்துபோகும் கன்சோலையும், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் எழுந்திருக்காத கன்சோலையும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவோடுதான் வருவார்கள். "அடாப்டர்ல லைட் எரியுதுங்க, அதனால அடாப்டர் நல்லா இருக்கு, போர்டுதான் போயிருக்கு" என்பது ஒரு முடிவு. "அடாப்டர்தான் போயிருக்கும், ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிப் போட்டாச்சு, அப்பவும் வரல" என்பது இன்னொன்று. இரண்டிலும் பணம் வீணாகியிருக்கும், அல்லது வீணாகப் போகிறது. கோளாறு வெளியே இருக்கும் அடாப்டரிலா, உள்ளே இருக்கும் போர்டிலா என்பதை வீட்டிலேயே, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல், பெரும்பாலும் பிரித்தறிந்துவிட முடியும். அதற்கு அந்தச் சின்ன விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது முதலில் புரிய வேண்டும்.

எல்லா கன்சோலுக்கும் இந்தக் கேள்வி எழாது. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் போன்றவற்றில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவரிலிருந்து ஒரு ஒயர் நேராக உள்ளே போகும். செங்கல் அளவு அடாப்டர் தனியாக வெளியே கிடக்கும் கன்சோல்களில் இன்றும் செகண்ட் ஹேண்டில் அதிகம் கைமாறுவது 2013 நவம்பரில் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன். இந்தியாவுக்கு அது 2014 செப்டம்பரில்தான் வந்தது. அப்போது வாங்கியவை எல்லாம் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. அடாப்டருக்கும் அதே வயது. ஆகவே இங்கே அந்தக் கன்சோலையே எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அந்த அடாப்டரின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வெளியே வரும் மின்சாரம் என்ற இடத்தில் ஒன்றல்ல, இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று 12 வோல்ட், 17.9 ஆம்பியர். மற்றொன்று 5 வோல்ட், 1 ஆம்பியர். அதாவது ஒரே பெட்டிக்குள் இரண்டு சப்ளைகள் குடியிருக்கின்றன. 5 வோல்ட் என்பது காத்திருப்பு மின்சாரம். பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். கன்சோல் அணைந்திருக்கும்போதும் பட்டனைத் தொட்டால் உணர்வதற்கும், கன்ட்ரோலரின் அழைப்பைக் கேட்பதற்கும் அந்த 5 வோல்ட் போதும். 12 வோல்ட்தான் உண்மையான உழைப்பாளி. அது சும்மா வராது. நீங்கள் பட்டனைத் தொட்டதும், கன்சோல் ஒரு தனிக் கம்பி வழியாக அடாப்டருக்கு "திற" என்று சைகை அனுப்பும். அதற்குப் பிறகுதான் 12 வோல்ட் திறக்கும். போர்டில் இருக்கும் சின்னச் சின்ன மின்மாற்று வட்டங்கள் அந்த 12 வோல்ட்டை ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று இறக்கி சிப்களுக்குக் கொடுக்கும்.

விளக்கின் நிறம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஆரஞ்சு என்றால் காத்திருக்கிறது, வெள்ளை என்றால் திறந்திருக்கிறது. ஆரஞ்சு விட்டுவிட்டு மின்னினால் அடாப்டரே தன் கோளாறை ஒப்புக்கொள்கிறது என்று அர்த்தம். விளக்கே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது அடாப்டர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள மூடிக்கொண்டது, அல்லது செத்துவிட்டது.

இப்போது முதல் முடிவுக்காரரிடம் திரும்பி வருவோம். அடாப்டரில் ஆரஞ்சு எரிகிறது, ஆகவே அடாப்டர் நன்றாக இருக்கிறது என்றார் அல்லவா? ஆரஞ்சு நிரூபிப்பது 5 வோல்ட், 1 ஆம்பியர் சப்ளையை மட்டும்தான். 215 வாட் சுமக்க வேண்டிய பெரிய சப்ளையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லோ வோல்டேஜ் நேரத்தில் பிளக் பாயின்ட்டில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரியும், ஆனால் கிணற்று மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும். அந்த டெஸ்டரின் நிலைதான் இந்த ஆரஞ்சு விளக்கின் நிலையும். வெள்ளை விளக்குகூட முழு நற்சான்று இல்லை. 12 வோல்ட் திறந்திருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது. பாரம் ஏறும்போது தாங்குமா என்பதைச் சொல்லவில்லை.

அடாப்டரையும் கன்சோலையும் குறை சொல்வதற்கு முன்னால் சுவரைப் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அடாப்டரை நேராகச் சுவர் பாயின்ட்டில் மாட்டுங்கள். இந்த அடாப்டருக்குள்ளேயே மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் பாதுகாப்பு இருப்பதால், வெளியே இன்னொன்றை வைக்காமல் சுவரிலேயே மாட்டச் சொல்வது மைக்ரோசாஃப்ட்டின் அறிவுரை. அந்த உள் பாதுகாப்பு ஒருமுறை விழுந்துவிட்டால் தானாக எழாது. பிளக்கைப் பிடுங்கி பத்து விநாடியாவது விட்டு மாட்டினால்தான் எழும். இடி மழைக்குப் பிறகோ, கரன்ட் போய் வந்த பிறகோ "செத்துப்போன" அடாப்டர்கள் பல இந்தப் பத்து விநாடியில் பிழைத்துவிடும். சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் ஒயரும் தனியாகக் கழற்றக்கூடியதுதான். அதே மாதிரி ஒயர் வேறு ஒன்று கிடைத்தால் மாற்றிப் பார்ப்பதில் செலவே இல்லை.

நம் ஊர் வீடுகளுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரன்ட் போனால் விளக்கும் ஃபேனும் நிற்காமல் ஓடுகின்றன. கன்சோல் மட்டும் ஒவ்வொரு முறையும் அணைகிறது. காரணம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம். மின்சாரம் நின்றபின் தன்னிடம் சேமித்து வைத்திருப்பதைக் கொண்டு இத்தகைய அடாப்டர்கள் பொதுவாக ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி விநாடி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். சாதாரண முறையில் வைத்த இன்வெர்ட்டர் அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். ஃபேனுக்கு அது தெரியாது; கன்சோலுக்குத் தெரியும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டபின் கன்சோல் அணையவில்லை என்றால், கன்சோலிலும் கோளாறு இல்லை, அடாப்டரிலும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த கன்சோல் என்றால் லேபிளில் உள்ளே வரும் மின்சாரத்தையும் படியுங்கள். 100 முதல் 127 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டக்கூடாது. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, இங்கே முதல் சுவிட்ச் போட்ட நொடியில் "டப்" என்று கேட்டிருந்தால், அடாப்டர் போயிருக்கும் வாய்ப்பே மிக அதிகம். கன்சோல் தப்பியிருக்கும் வாய்ப்பும் அதே அளவு நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாக ஒரு மணி நேரம் சும்மா விட்டால் அணைகிறது என்று புகார் சொல்லிக் கன்சோலைக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது கோளாறே இல்லை. யாரும் தொடாமல் இருந்தால் ஒரு மணி நேரத்திலோ ஆறு மணி நேரத்திலோ தானாக அணையும்படி செட்டிங்ஸில் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

சுவர் சரி. இனி எழுந்திருக்கவே மறுக்கும் கன்சோல். இங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் இரண்டையும் பிரிப்பது. அடாப்டரின் ஒயரைக் கன்சோலின் பின்பக்கத்திலிருந்து உருவிவிடுங்கள். சுவர் பிளக்கையும் பிடுங்கி, பத்து விநாடி கழித்து, அடாப்டரை மட்டும் தனியாகச் சுவரில் மாட்டுங்கள். விளக்கு வரவே இல்லை, ஒயரையும் பாயின்ட்டையும் மாற்றியாயிற்று என்றால், அடாப்டர் போய்விட்டது. கன்சோலைச் சந்தேகிக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஆரஞ்சு மின்னுகிறது என்றாலும் அப்படித்தான்.

தனியாக இருக்கும்போது ஆரஞ்சு நிலையாக எரிகிறது. இப்போது கன்சோலில் சொருகுகிறீர்கள், உடனே விளக்கு அணைந்துவிடுகிறது. பட்டனைத் தொடவே இல்லை, 12 வோல்ட் திறக்கவே இல்லை, அப்படியும் அணைகிறது. என்ன நடந்திருக்கும்? கன்சோலுக்குள் காத்திருப்பு மின்சாரம் போகும் பாதையில் எங்கோ ஷார்ட் ஆகி, அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுக்கிறது. அடாப்டர் தன்னைக் காத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. உருவினால் உயிர் வருகிறது, சொருகினால் போகிறது என்று இரண்டு மூன்று முறை மாறாமல் நடந்தால் கோளாறு கன்சோலுக்குள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். புது அடாப்டர் வாங்கி இங்கே பயன் இல்லை.

சொருகியபின்னும் ஆரஞ்சு அப்படியே நிற்கிறது, பட்டனைத் தொட்டால் எந்தச் சத்தமும் இல்லை என்பது இன்னொரு வகை. முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் முன்பக்க பட்டன் அழுத்தும் பட்டன் அல்ல, தொட்டால் உணர்வது. அது ஒரு தனிச் சிறு போர்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பட்டனை மறந்துவிட்டு, கன்ட்ரோலரின் நடு பட்டனை அழுத்திப் பாருங்கள். யுஎஸ்பி ஒயரில் இணைத்தும் பாருங்கள். ஒரு டிஸ்க்கை வாயில் வைத்தும் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்குக் கன்சோல் எழுந்துவிட்டால், மின்சாரப் பாதை முழுதும் நலம். அந்தச் சிறு போர்டிலோ அதன் இணைப்பிலோதான் கோளாறு. மலிவான ரிப்பேர் இது. எதற்குமே எழவில்லை, ஆரஞ்சு வெள்ளையாக மாறவே இல்லை என்றால், "திற" என்ற சைகை போகவில்லையா, போயும் அடாப்டர் திறக்கவில்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. இங்கேதான் வேறொரு அடாப்டர் தேவைப்படுகிறது.

பட்டனைத் தொட்டதும் "டிங்" என்று சத்தம் வந்து, ஃபேன் ஒரு சுற்று அசைந்து, ஒரு விநாடிக்குள் அணைந்துவிடும் கன்சோல்களும் உண்டு. ரிப்பேர்காரர்களைக் குழப்புவது இந்த வகைதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் குற்றவாளியாக இருக்கலாம். போர்டில் 12 வோல்ட் பாதையில் ஒரு கெப்பாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருந்தால், 12 வோல்ட் திறந்த கணமே பெரும் மின்னோட்டம் பாயும், அடாப்டர் மூடிக்கொள்ளும். அடாப்டரின் 12 வோல்ட் சப்ளை பலவீனமாகியிருந்தாலும், பாரம் ஏறிய கணமே அதுவும் சரிந்து விழும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சி. விளக்கை உற்றுப் பார்ப்பதால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. தீர்க்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர் ஊகிக்கிறார்.

இனி விளையாட்டின் நடுவே அணைவது. இதை ஓர் உதாரணத்தோடு படிப்படியாகப் பார்ப்பது நல்லது. ரிப்பேர் மேஜைக்கு ஒரு முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சொல்வது இது: முகப்புத் திரையில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஓடும். படம் பார்த்தால் ஓடும். கார் பந்தய விளையாட்டைப் போட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் அணையும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. உடனே பட்டனைத் தொட்டால் எழாது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் எழும்.

இந்த ஆறு வாக்கியங்களுக்குள் பாதி விடை இருக்கிறது. முதலில், சும்மா இருக்கும்போது ஓடுகிறது, விளையாடும்போது விழுகிறது. இந்தக் கன்சோல் முகப்புத் திரையில் சுமார் 70 வாட் இழுக்கும். கனமான விளையாட்டில் 110 முதல் 120 வாட் வரை போகும். ஆகவே பாரம் கூடும்போதுதான் விழுகிறது. ஆனால் அடாப்டர் 220 வாட்டுக்குச் செய்யப்பட்டது. நல்ல அடாப்டருக்கு 120 வாட் என்பது பாதிப் பாரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் மூச்சுவாங்குகிறது என்றால், ஒன்று அடாப்டர் நோயாளி, அல்லது கன்சோல் வெப்பத்தில் தவிக்கிறது.

வெப்பமா, மின்சாரமா? நான்காவது வாக்கியம் இங்கே உதவுகிறது. கன்சோல் சூடாகும்போது அது அமைதியாகச் சாவதில்லை. முதலில் ஃபேன் இரையும். பிறகு காற்றோட்டம் போதவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதற்கும் பிறகுதான் அணையும். இரைச்சலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, ஒயரைப் பிடுங்கியது போல நின்றது என்றால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் சாய்கிறது. கன்சோல் தானாக முடிவெடுத்து அணையும்போது அதற்குச் சொல்ல நேரம் இருக்கிறது. சோறு நிறுத்தப்பட்டால் சொல்ல நேரம் இல்லை. கடைசி வாக்கியம் இதற்கு வலுச் சேர்க்கிறது. பிளக்கைப் பிடுங்கினால்தான் எழுகிறது என்றால் விழுந்தது அடாப்டரின் பாதுகாப்பு. சூட்டில் தானே அணைந்த கன்சோலாக இருந்தால், ஆறியபின் பட்டனைத் தொட்டாலே எழுந்திருக்கும்.

ஆனால் அடாப்டரும் சூடாகும் என்பதை மறக்கக் கூடாது. இந்த அடாப்டருக்குள் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்து வருஷத் தூசியில், கார்ப்பெட்டின் மேல் கிடக்கும் அடாப்டரில் அந்த ஃபேன் நின்றுபோய், அது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடாப்டரைக் கன்சோலிலிருந்து ஒயர் எட்டும் வரை தள்ளி, வெறும் தரையில் வையுங்கள். ஒரு டேபிள் ஃபேனை அடாப்டரின் மேல் மட்டும் படும்படி திருப்பி, அதே விளையாட்டை ஓட்டி, எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று பாருங்கள். பிறகு எல்லாம் நன்றாக ஆறியபின், ஃபேனைக் கன்சோலின் மேல் மட்டும் திருப்பி மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பக்கம் காற்று பட்டபோது நேரம் தெளிவாக நீண்டதோ, அந்தப் பக்கம்தான் நோய். இரண்டு முறையும் இடையில் ஒரு மணி நேரமாவது ஆற விடவேண்டும். சூடாக இருக்கும்போதே இரண்டாவது சோதனையைத் தொடங்கினால் கணக்கு பொய்யாகிவிடும்.

நம் உதாரணக் கன்சோலில் அடாப்டருக்குக் காற்று கொடுத்தபோது அரை மணி நேரம் வரை தாக்குப்பிடித்தது, கன்சோலுக்குக் கொடுத்தபோது எட்டே நிமிடத்தில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அணையும் கணத்தில் ஒருவர் திரையைப் பார்க்காமல் அடாப்டரின் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளை ஆரஞ்சாக மாறாமல் அப்படியே அணைந்து, பிளக்கைப் பிடுங்கும்வரை இருளாகவே இருந்தது. அடாப்டர் தன் கதவைத் தானே மூடிக்கொண்டது. இன்னும் தீர்ப்பு இல்லை, ஆனால் கடைசிச் சோதனை எது என்பது தெளிவாகிவிட்டது: அதே வகை, நன்றாக ஓடும் என்று தெரிந்த இன்னொரு அடாப்டர். நண்பரிடம் இருந்து ஒரு மாலைக்கு இரவல் வாங்கினாலே போதும். அதைச் சொருகி, ஃபேன் எதுவும் வைக்காமல், அதே விளையாட்டை இரண்டு மணி நேரம் ஓட்டினால் கன்சோல் அசையாமல் நின்றது. வழக்கு முடிந்தது: அடாப்டர்தான். உள்ளே இருக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டர்கள் பத்தாண்டுச் சூட்டில் வற்றிப்போனதுதான் இந்த வயது அடாப்டர்களில் மிகச் சாதாரணமான காரணம். அவை வற்றினால் பாரம் ஏறும்போது 12 வோல்ட் நிலையாக நிற்காது.

மாற்றிப் பார்ப்பதில் திசை முக்கியம். நல்ல அடாப்டரை நோயாளிக் கன்சோலில் மாட்டுவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கன்சோலில் ஷார்ட் இருந்தால் அந்த அடாப்டர் மூடிக்கொள்ளும், பத்து விநாடியில் மீளும். ஆனால் சந்தேகத்துக்குரிய அடாப்டரை நண்பரின் நல்ல கன்சோலில் மாட்டி "அங்கேயும் அணைகிறதா பார்ப்போம்" என்று இறங்காதீர்கள். அடாப்டரின் கோளாறு வோல்ட்டேஜ் கூடிப்போகிற வகையாக இருந்தால் ஒரு கன்சோல் இரண்டாகிவிடும். முதல் திசையில் விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது திசை தேவையே இல்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கன்சோலிலிருந்து உருவிய அடாப்டரின் முனையில் அளந்தால் 5 வோல்ட் மட்டும்தான் வரும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. "12 வோல்ட் வரல, அடாப்டர் போச்சு" என்று நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. "திற" என்ற சைகை இல்லாமல் அது வராது என்பதை மேலே பார்த்தோம். 5 வோல்ட்டே இல்லை அல்லது 4 வோல்ட்டுக்குக் கீழே தொங்குகிறது என்றால் மட்டும் அந்த அளவீடு ஏதோ சொல்கிறது. பாரத்தில் ஓடும்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போகிறதா என்று அளப்பது பயனுள்ளது, ஆனால் அதற்குக் கன்சோலைத் திறக்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழும் சரிவுகளை மீட்டர் காட்டவும் காட்டாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். சைகைக் கம்பியையும் 5 வோல்ட்டையும் ஊசியால் இணைத்து 12 வோல்ட்டைத் திறக்கும் வித்தையைச் சிலர் காட்டுவார்கள். ஊசி ஒரு பின் தள்ளிப் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் மட்டும் செய்யட்டும். செய்தாலும் பாரமில்லாத 12 வோல்ட்தான் தெரியும், நம் கேள்விக்கு அது விடையாகாது.

நல்ல அடாப்டரிலும் கன்சோல் அதே போல விழுந்தால் கோளாறு உள்ளே. அப்போது எப்படி விழுகிறது என்பதே ரிப்பேர்காரருக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல தகவல். இரைச்சலும் எச்சரிக்கையுமாக விழுந்தால், தூசி அடைத்த ஹீட் சிங்க், நின்ற ஃபேன், காய்ந்த தெர்மல் பேஸ்ட் இவற்றில் ஒன்று; சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொட்ட விநாடியே விழுந்தால் 12 வோல்ட் பாதையில் ஷார்ட். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டின் மின்வாயில் 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே ஓம் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அங்கிருந்து ஷார்ட் ஆன உறுப்பைத் தேடிப் பிடிக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. முக்கியச் சிப்புக்குப் போகும் பாதையில் ஒரு ஓம் அளவு மிகக் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று நினைத்துச் சிப்பைச் சூடாக்கத் தொடங்குகிறவரிடமிருந்து கன்சோலைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

அடாப்டரை வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். சுவரின் 230 வோல்ட்டை உள்ளே நேர்மின்னோட்டமாக மாற்றும்போது அது 300 வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கக் கூடும்.

புது அடாப்டர் வாங்கும்போது முனை பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் இதை வேறுமாதிரி கையாண்டார்கள். ஆரம்பக் கன்சோலுக்கு 203 வாட், பிறகு 175, பிறகு 150 என்று சிப்கள் சிறுக்கச் சிறுக்க அடாப்டரும் சிறுத்தது. குறைந்த வாட் அடாப்டர் பழைய கன்சோலில் சொருகவே முடியாதபடி முனையின் வடிவத்தை மாற்றி வைத்தார்கள். மாற்று அடாப்டர் செய்யும் பெயரில்லாத தயாரிப்பாளர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே லேபிளைப் படியுங்கள்: உங்கள் பழைய அடாப்டரில் உள்ள அதே 12 வோல்ட் ஆம்பியர், அதே 5 வோல்ட், உள்ளே 200 முதல் 240 வோல்ட் அல்லது 100 முதல் 240 வோல்ட். அசலோடு ஒப்பிடும்போது கையில் எடுத்தால் வெறும் டப்பா போல லேசாக இருந்தால், லேபிளில் எழுதியிருக்கும் ஆம்பியரை நம்ப எனக்கு மனம் வராது. வேறொரு கன்சோலிலிருந்து கழற்றிய, சோதித்துப் பார்த்த அசல் செகண்ட் ஹேண்ட் அடாப்டர் ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைத்தால், பெயரில்லாத புதியதைவிட அதையே வாங்குவேன்.

ஒரு கடைசி வார்த்தை வாங்குகிறவர்களுக்கு: செகண்ட் ஹேண்டில் இந்தக் கன்சோலை வாங்கும்போது விற்பவர் முகப்புத் திரையைக் காட்டி முடித்துவிட விடாதீர்கள். அவருடைய அடாப்டரிலேயே, கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் வாங்காதீர்கள்.